உப்புநீர் உயிரியில் ஒரு புரதம் எங்கே ஒட்டுகிறது?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியிலிருந்து சென்னை நோக்கி வருபவர்களுக்கு மரக்காணத்து உப்பளங்கள் தெரியாமல் இருக்காது. பாத்தி பாத்தியாக நீர், வரப்பு நெடுக வெள்ளைக் குவியல்கள். கோடை ஏறி நீர் சுண்டச் சுண்ட, உப்பு பூக்கும் தருவாயில் உள்ள நீரில் ஒரு செம்மை படிவதைப் பார்க்கலாம். உலகம் முழுவதும் வெயிலில் உப்புக் காய்ச்சும் இடங்களில் இந்த நிறம் உண்டு. அதற்குக் காரணம், கடல்நீரைப் போல ஏழெட்டு மடங்கு உப்புள்ள நீரிலும் சுகமாக வாழும் நுண்ணுயிர்கள். அவற்றில் பெரும்பாலானவை பாக்டீரியா இனத்தைச் சேராதவை. ஆர்க்கியா எனப்படும் தனிக் குலம்.

இந்தக் குலத்தில் அறிவியலாளர்கள் நன்கு அறிந்த ஒன்றின் பெயர் ஹாலோபாக்டீரியம் சலினாரம். அதன் நடத்தையில் ஒரு புதிர் உண்டு. காற்றோட்டமுள்ள நீரில் வளரும்போது அது செம்மஞ்சளாக இருக்கிறது. ஆக்சிஜன் குறைந்து, வெளிச்சமும் கிடைத்தால் அதே உயிரி ஊதா நிறத்துக்கு மாறுகிறது. அந்த ஊதா நிறம் பாக்டீரியோரோடாப்சின் என்ற புரதத்தினுடையது. ஒளியைப் பிடித்து ஆற்றலாக்கும் இந்தப் புரதத்தை 1971இல் ஊஸ்டர்ஹெல்ட், ஸ்டோக்கினியஸ் இருவரும் அறிவித்தார்கள். உப்பு கூடக் கூட நீரில் கரையும் ஆக்சிஜன் குறையும் என்பதால் உப்பளத்து உயிரிக்கு இது மிகவும் உதவும் ஏற்பாடு. செம்மஞ்சளாக இருந்தபோதும் ஊதாவான பிறகும் செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. ஒன்றுதான். அப்படியானால் அந்த மரபணுவை இயக்குவது யார், டி.என்.ஏ.வில் எந்த இடத்தைத் தொட்டு?

மரபணுவிலிருந்து படியெடுக்கும் வேலையைத் தொடங்கவோ தடுக்கவோ செய்யும் புரதங்களைப் படியெடுப்புக் காரணிகள் என்போம். அவை மரபணுவின் தொடக்கத்துக்குச் சற்று முன்னால் டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு வேலை செய்கின்றன. ஊதாப் புரதத்துக்கான மரபணுவுக்கு பாப் என்று பெயர். அதை இயக்கும் காரணி பேட். ஷிலாதித்யா தாஸ்ஸர்மா, நிதின் பாலிகா ஆகியோரின் ஆய்வுகள், பாப் மரபணுவின் தொடக்கத்துக்குச் சுமார் நாற்பது, ஐம்பது எழுத்துக்கு முன்னால் ஒரு சிறிய எழுத்துத்தொடர் இருப்பதையும், அதைக் கெடுத்தால் இயக்கம் குலைவதையும் ஒவ்வோர் எழுத்தாக மாற்றிப் பார்த்துக் காட்டின. அது ஒரே இடம். இந்த உயிரியின் மரபணுத்தொகை முழுவதும் 2000ஆம் ஆண்டில் வாசிக்கப்பட்டுவிட்டது. மொத்தம் சுமார் 25.7 லட்சம் எழுத்துகள். அவ்வளவு நீளத்தில் பேட் எங்கெங்கே ஒட்டுகிறது என்பதை ஒரே சோதனையில் காண்பதற்கான முறைதான் சிப்-செக். ஆர்க்கியாவுக்கான முதல் சிப்-செக் செய்முறையை 2012இல் எலிசபெத் வில்பேங்க்ஸ், மார்க் ஃபச்சியோட்டி முதலானோர் கலிஃபோர்னியாவிலிருந்து வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது இதே உப்புநீர் உயிரியை.

செய்முறையின் போக்கு இது. செல்கள் உயிரோடு இருக்கும்போதே அந்த நீரில் ஃபார்மால்டிஹைடு சேர்க்கிறார்கள். டி.என்.ஏ.வைத் தொட்டுக்கொண்டிருக்கும் புரதங்கள் தொட்ட இடத்திலேயே பிணைந்து நின்றுவிடும். பிறகு செல்களை உடைத்து, மீயொலி அதிர்வால் டி.என்.ஏ.வைச் சில நூறு எழுத்து நீளமுள்ள துண்டுகளாக்குகிறார்கள். அடுத்து, பேட் புரதத்தை மட்டும் பற்றும் எதிர்ப்பொருளைப் போட்டு, அது பிடித்த துண்டுகளை மணிகளில் சேர்த்து எடுக்கிறார்கள். கழுவி, சூடேற்றிப் பிணைப்பை அவிழ்த்தால் டி.என்.ஏ. துண்டுகள் மிஞ்சும். அவற்றின் நுனிகளை வாசிக்கும் எந்திரம் லட்சக்கணக்கான சிறு வாசிப்புகளைத் தரும். ஒவ்வொரு வாசிப்பும் மரபணுத்தொகையில் எந்த இடத்தைச் சேர்ந்தது என்று கணினி பொருத்திப் பார்க்கும். பேட் ஒட்டிய இடங்களில் வாசிப்புகள் குவிந்திருக்க வேண்டும்.

உப்புநீர் உயிரியில் இதைச் செய்வதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. அதன் செல்லுக்குள் பொட்டாசியம் உப்பு மிக அதிகம். அதன் புரதங்கள் அந்த உப்பில்தான் ஒழுங்காக மடிந்து நிற்கும். எதிர்ப்பொருளோ சாதாரண உப்பளவில் வேலை செய்யும் பொருள். உப்பைக் குறைத்தால் புரதம் குலையும். குறைக்காவிட்டால் எதிர்ப்பொருள் பற்றாது. புரதத்தின் வடிவத்தை நம்பாமல், சில அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட ஒரு குறுகிய அடையாள வாலை அதன் மரபணுவிலேயே சேர்த்துவிட்டால் இந்தச் சங்கடம் தீரும். ஃபார்மால்டிஹைடு ஏற்கெனவே இடத்தைப் பூட்டிவிட்டது. புரதம் குலைந்தாலும் வால் வாலாகவே இருக்கும். எதிர்ப்பொருள் அதைப் பற்றிக்கொள்ளும். கலிஃபோர்னியக் குழு இந்த வழியில்தான் சென்றது. செல் தன் இயல்பான அளவிலேயே அந்தப் புரதத்தைச் செய்யும் என்பது கூடுதல் லாபம்.

இனி வருவதுதான் இந்தக் கட்டுரையின் மையம். வாசிப்புகள் குவிந்த இடமெல்லாம் புரதம் ஒட்டிய இடமா?

எதிர்ப்பொருள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், கழுவல் எவ்வளவு கவனமாக நடந்தாலும், எடுத்த துண்டுகளில் பெரும்பகுதி சம்பந்தமில்லாதவை. சும்மா ஒட்டிக்கொண்டு வந்தவை. இந்தப் பின்னணி எல்லா இடத்திலும் ஒரே சீராக இருந்தால் கவலையில்லை. ஆனால் அது சீராக இருப்பதில்லை. ஹாலோபாக்டீரியத்தில் ஒரு பெரிய குரோமோசோமும் இரண்டு சிறு வட்டங்களும் உள்ளன. சிறு வட்டங்களின் படிகள் செல்லில் குரோமோசோமைவிடக் கூடுதலாக இருந்தால் அங்கிருந்து வாசிப்புகளும் கூடுதலாக வரும். பெரிய குரோமோசோமில் ஜி, சி எழுத்துகள் சுமார் 68 சதவீதம். சிறு வட்டங்களில் அறுபதுக்கும் கீழே. துண்டுகளைப் பெருக்கும் நொதி, ஜி-சி மிகுந்தவற்றைத் தயங்கித்தான் பெருக்கும். இன்னொன்று, இந்த மரபணுத்தொகையில் இடம்விட்டு இடம் தாவும் டி.என்.ஏ. துணுக்குகள் 91 எண்ணிக்கையில் இருக்கின்றன; பல ஒன்றுக்கொன்று அச்சு அசலானவை. நம் ஆய்வகச் செல்லில் அவற்றில் ஒன்று புதிதாகப் பல படிகள் போட்டிருந்தால், அத்தனை படிகளின் வாசிப்புகளும் குறிப்பு மரபணுத்தொகையிலுள்ள பழைய இடங்களின் மேல்தான் வந்து விழும். எந்தப் புரதமும் ஒட்டாத இடத்தில் ஒரு மலை எழும்பும்.

உப்பளத்தில் வாரி வைத்த குவியல்களைத் தூரத்திலிருந்து பார்த்து எதில் உப்பு அதிகம் என்று சொல்ல வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உச்சியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். வரப்பு மேட்டில் வைத்த சிறு குவியலும், பள்ளத்தில் வைத்த பெரிய குவியலும் ஒரே உயரமாகத் தெரியும். அடித்தரை எந்த மட்டத்தில் இருக்கிறது என்று தனியே அளந்தால்தான் உப்பின் கணக்கு வரும். சிப்-செக்கில் அந்தத் தரையளவைக்கு உள்ளீட்டு மாதிரி என்று பெயர். துண்டாக்கிய பிறகு, எதிர்ப்பொருள் போடுவதற்கு முன்னால், அதே குழம்பில் ஒரு சிறு பங்கை எடுத்து வைத்துவிடுகிறார்கள். அது எதிர்ப்பொருளைத் தவிர மற்ற எல்லாப் படிகளையும் கடக்கும். அதே எந்திரத்தில் வாசிக்கப்படும். வட்டங்களின் கூடுதல் படிகள், ஜி-சி பாரபட்சம், தாவும் துணுக்குகள் எல்லாம் அதிலும் அப்படியே பதியும். பேட் ஒட்டியதால் வந்த குவிப்பு மட்டும் அதில் இருக்காது.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். இவை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. எதிர்ப்பொருள் மாதிரியில் 10 லட்சம் வாசிப்புகள், உள்ளீட்டில் 20 லட்சம். மரபணுத்தொகையை 200 எழுத்து அகலமுள்ள கட்டங்களாகப் பிரித்தால் கிட்டத்தட்ட 12,850 கட்டங்கள் வரும். எல்லாம் சமமாகச் சிதறினால் எதிர்ப்பொருள் மாதிரியில் கட்டத்துக்கு 78 வாசிப்பு. உள்ளீட்டில் வாசிப்புகள் இரு மடங்கு என்பதால், ஒப்பிடும் முன் அதைப் பாதியாக்க வேண்டும்.

பாப் மரபணுவுக்கு முன்னாலுள்ள கட்டத்தில் 420 வாசிப்புகள்; உள்ளீட்டில் 150, பாதியாக்கினால் 75. ஐந்தரை மடங்குக்கு மேல். சிறு வட்டத்தில் ஒரு கட்டத்தில் 310 வாசிப்புகள். சராசரியைப் போல நான்கு மடங்கு இருப்பதால் கண்ணைப் பறிக்கும். உள்ளீட்டில் அங்கே 640, பாதியாக்கினால் 320. அங்கே ஒன்றுமே இல்லை. தரையே அவ்வளவு உயரம். மூன்றாவதாக, குரோமோசோமில் எங்கோ ஒரு கட்டம்: 105 வாசிப்புகள், தரை 75. இதை என்ன செய்வது?

இங்கேதான் முகடறிதல் என்ற கணக்கு நுழைகிறது. வாசிப்புகள் தற்செயலாக விழும்போது 75 எதிர்பார்க்கும் இடத்தில் 66, 84 என்று ஏறி இறங்குவது சகஜம். 105 அல்லது அதற்கு மேல் தற்செயலாக வருவதற்கான வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. தனியாகக் கேட்டால் இது உறுதியான சான்று போலத் தோன்றும். ஆனால் நாம் பார்ப்பது 12,850 கட்டங்களை. அத்தனை கட்டங்களில் இப்படிப்பட்டவை தற்செயலாகவே ஐந்தாறோ பத்தோ கிடைத்துவிடும். உண்மையாகவே சில நூறு இடங்களில் ஒட்டும் காரணி என்றால் பட்டியலில் பத்துப் பொய் கலந்தாலும் பெரிய சேதமில்லை. பேட் அப்படியில்லை. 2001இல் பாலிகாவும் கூட்டாளிகளும் மரபியல் வழியாகக் காட்டியபடி பார்த்தால், அதன் ஆளுகைக்கு உட்பட்டவை ஊதாப் புரதத்தையும் அதற்கு வேண்டிய நிறமியையும் உண்டாக்குவதோடு தொடர்புள்ள நான்கைந்து மரபணுக்கள்தான். அங்கே பத்துப் பொய் கலந்தால் பட்டியலில் பாதிக்கு மேல் பொய். அதனால் தனி இடத்தின் வாய்ப்பை மட்டும் பார்க்காமல், பட்டியலில் எத்தனை சதவீதம் பொய்யாக இருக்கக்கூடும் என்று பார்த்து எல்லைக்கோடு போடுகிறார்கள்.

2012 ஆய்வு பேட்டோடு டி.எஃப்.பி.-டி என்ற இன்னொரு காரணியையும் எடுத்துக்கொண்டதன் நுட்பம் இதில்தான் இருக்கிறது. டி.எஃப்.பி.-டி ஏராளமான இடங்களில் ஒட்டுவது. முறை எதையும் தவறவிடுகிறதா என்று அதில் தெரியும். பேட் மிகச் சில இடங்களில் ஒட்டுவது. முறை இல்லாததை இருப்பதாகச் சொல்கிறதா என்று அதில் தெரியும். ஒன்றை மட்டும் வைத்து ஒரு முறையைப் புகழ்வது எளிது. இரண்டையும் வைத்தது நேர்மையான சோதனை.

உயரத்தைத் தவிர வடிவமும் பேசும். துண்டின் எந்த நுனி வாசிக்கப்பட்டது என்பதைப் பொறுத்து வாசிப்பு டி.என்.ஏ.வின் இரு இழைகளில் ஒன்றைச் சேரும். புரதம் துண்டின் நடுவில் எங்கோ இருப்பதால், ஒரு இழையின் வாசிப்புகள் அதற்கு இடப்புறமும் மற்ற இழையின் வாசிப்புகள் வலப்புறமும் குவியும். இரண்டு குவியல்களுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு துண்டின் நீளம் இருக்கும். நடுப்புள்ளிதான் புரதம் அமர்ந்த இடம். பிழையால் எழும் குவியல்களில் இரு இழைகளும் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகவோ, செங்குத்துச் சுவர் போல விளிம்பு வெட்டியோ நிற்கும். தாவும் துணுக்கின் எல்லையில் சட்டென்று எழுந்து மறு எல்லையில் சட்டென்று விழும் மேடையைப் பார்த்தால் அது முகடு ஆகாது என்று பழகிய கண் உடனே சொல்லிவிடும்.

முகடறியும் மென்பொருள்களில் பலரும் கையாளுவது 2008இல் வந்த மேக்ஸ். அது மனித மரபணுத்தொகையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. உப்பளத்து உயிரிக்கு அதை அப்படியே ஓட்டினால் வம்பு வரும். இப்படி எழுதலாம்:

```
macs2 callpeak -t bat.bam -c input.bam -f BAM \
  -g 2.57e6 --keep-dup auto -n bat
```

`-c` என்ற இடத்தில்தான் உள்ளீட்டைத் தருகிறோம். `-g` என்பது மரபணுத்தொகையின் நீளம். அதை எழுத மறந்தால் மென்பொருள் மனிதருடையது என்று எண்ணி 270 கோடி எழுத்துகளுக்குப் பின்னணியைப் பரப்பிவிடும். மரபணுத்தொகை முழுவதற்கும் பொதுவாக எதிர்பார்க்கும் பின்னணி ஆயிரம் மடங்கு இறங்கிவிடும்.

`--keep-dup` இன்னும் நுட்பமானது. ஒரே எழுத்தில், ஒரே இழையில் தொடங்கும் இரண்டு வாசிப்புகள் வந்தால், பெருக்கும்போது உண்டான நகல்கள் என்று கருதி ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எறிந்துவிடுவது மேக்ஸின் இயல்பு வழக்கம். 300 கோடி எழுத்துள்ள மனித மரபணுத்தொகையில் இது நியாயம். இரண்டு வேறு துண்டுகள் ஒரே எழுத்தில் தொடங்குவது அங்கே அபூர்வம். இங்கே இரு இழைகளையும் சேர்த்துத் தொடக்கப் புள்ளிகள் 51 லட்சம்தான். ஒரு கோடி வாசிப்பு வாங்கினால் ஒவ்வொரு புள்ளிக்கும் சராசரியாக இரண்டு வந்தே தீரும். ஒன்றுக்கு மேல் எறிந்தால் தரையிலும் ஒன்று, முகட்டிலும் ஒன்று என்றாகி நல்ல முகடுகள் மொட்டையாகிவிடும். அதிக வாசிப்பு வாங்க வாங்க முடிவு மோசமாகும் விசித்திரம் இது. `auto` என்று கொடுத்தால் எத்தனை நகல்கள் இயல்பு என்று அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். இத்தகைய சிறு மரபணுத்தொகைகளுக்காகவே அந்த 2012 குழு பிக்யூ என்ற தனி மென்பொருளை எழுதி, எவரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டது.

உள்ளீட்டைப் பாதியாக்கினோம் என்றேனே, அதிலும் ஒரு பொறி இருக்கிறது. டி.எஃப்.பி.-டி போன்ற காரணியில் மொத்த வாசிப்புகளில் 30 சதவீதம் முகடுகளுக்குள்ளேயே அடங்கிவிட்டதாக வைத்துக்கொள்வோம். அப்போது 10 லட்சத்தில் பின்னணிக்கு உரியவை 7 லட்சம்தான். உள்ளீட்டின் 20 லட்சத்தை அந்த 7 லட்சத்துக்கு இறக்க வேண்டும். 10 லட்சத்துக்கு இறக்கினால் தரையை உயர்த்திக் காட்டுகிறோம். உள்ளீட்டில் 150 உள்ள ஓரிடத்தில் 90 வாசிப்புகள் வந்திருந்தால், தவறான கணக்கில் அது 1.2 மடங்கு, சரியான கணக்கில் 1.7 மடங்கு. மனித மரபணுத்தொகையில் முகடுகள் கடலில் சில துளிகள் என்பதால் இந்தப் பிழை அவ்வளவாக உறைக்காது. சிறிய தொகையில், பல இடங்களில் ஒட்டும் காரணிக்கு, நலிந்த முகடுகளை இது முழுங்கிவிடும். முகடில்லாத பகுதிகளை மட்டும் வைத்து விகிதம் காண்பதே பரிகாரம்.

இவ்வளவும் சரியாகச் செய்து முகடு கிடைத்துவிட்டது. அதற்கு என்ன பொருள்? பேட் அந்த இடத்தைத் தொட்டது என்பது மட்டும்தான் பொருள். பாப் மரபணுவையே பாருங்கள். அதற்கு அண்டையில், சில நூறு எழுத்து இடைவெளியில், பி.ஆர்.பி. என்ற மரபணு எதிர்த்திசையில் ஓடுகிறது. இரண்டுக்கும் முன்பகுதி அந்த ஒரே இடைவெளிதான். டி.என்.ஏ.வை 300 எழுத்துத் துண்டுகளாக உடைத்தால் அங்கே எழும் முகடு ஒரே அகன்ற மேடாகத் தெரியலாம். பேட் அங்கே ஓரிடத்தில் அமர்ந்து இரண்டு மரபணுக்களையும் இயக்குகிறதா, ஈரிடத்தில் தனித்தனியாக அமர்ந்திருக்கிறதா என்பதை முகடு மட்டும் சொல்லாது. துண்டுகளை இன்னும் சிறிதாக்கிப் பார்க்க வேண்டும். பேட்டைக் கழித்த செல்லில் எந்த மரபணுவின் படிகள் குறைகின்றன என்று அளக்க வேண்டும். 1990களின் ஒவ்வோர் எழுத்தாக மாற்றிய அந்தப் பொறுமையான வேலை இன்றும் பயன்படுவது இதனால்தான்.

உள்ளீட்டாலும் பிடிக்க முடியாத ஒரு பொய்யும் உண்டு. மிகத் தீவிரமாகப் படியெடுக்கப்படும் மரபணுக்களின் மேல் புரதங்கள் மொய்த்துக் கிடக்கும். அங்கே எந்த எதிர்ப்பொருளைப் போட்டாலும் கொஞ்சம் கூடுதலாகவே வரும். 2013இல் ஈஸ்டில் இதைப் பளிச்செனக் காட்டினார்கள்: டி.என்.ஏ.வோடு எந்த உறவும் இல்லாத பச்சை ஒளிர்புரதத்தைத் தேடியபோதுகூட அத்தகைய மரபணுக்களில் முகடுகள் எழுந்தன. எதிர்ப்பொருள் போடாத உள்ளீட்டில் இது தெரியவே தெரியாது. அடையாள வால் சேர்க்காத செல்லில் அதே எதிர்ப்பொருளைப் போட்டு இன்னொரு மாதிரி எடுத்தால் தெரிந்துவிடும். ஊதா நிறம் ஏறிய செல்லில் பாப் மரபணு மிகத் தீவிரமாக ஓடுவது. ஆகவே பேட் விஷயத்தில் இந்த இரண்டாவது ஒப்பீடு அவசியம். முகடு மரபணுவின் முன்பகுதியில் கூர்மையாக நிற்கிறதா, மரபணுவின் உடல் நெடுக அகன்று கிடக்கிறதா என்பதும் ஒரு நல்ல அறிகுறி. முன்னது நம்பத்தக்கது, பின்னதைச் சந்தேகிக்க வேண்டும்.

இத்தகைய ஆய்வுகளின் மூலத் தரவுகள் பலவும் பொதுக் களஞ்சியங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. சாதாரணக் கணினியில் திறந்து பார்க்கக்கூடிய அளவுக்கு இந்த உயிரியின் மரபணுத்தொகை சிறியது. உயிரியல் படிக்கும் மாணவர்கள் அப்படி ஒன்றை எடுத்துப் பார்க்கும்போது முகடுகளின் பட்டியலிலிருந்து தொடங்க வேண்டாம். முதலில் உள்ளீட்டின் தடத்தைத் திறந்து, எந்தப் புரதமும் இல்லாமலே எங்கெங்கே மேடு எழுகிறது என்று மரபணுத்தொகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பாருங்கள். அதன் பிறகு எதிர்ப்பொருள் மாதிரியை அதன் கீழே வையுங்கள். உள்ளீடு தரப்படாத முகட்டுப் பட்டியல் கையில் வந்தால், அது எவ்வளவு பெரிய ஆய்விதழில் வந்திருந்தாலும், அதை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.